ஹெல்மெட்டில் ஒரு வெள்ளைச் சதுரம்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் யாராவது என்னைத் தேடி வந்தால் முதலில் துடைப்பம் வைக்கும் அறையைத்தான் திறப்பார்கள். இரண்டு கதவுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருக்கும். பயிற்சிக் கட்டடத்தின் கடைக்கோடியில், ஜன்னல் இல்லாமல், நாலு சுவரும் சாம்பல் நிறமாக இருப்பது என்னுடையது. சாம்பல் நிறம் நான் கேட்டு வாங்கியது. திரையில் நிறம் பார்த்து வேலை செய்கிறவளின் கண்ணைச் சுவர் குழப்பக் கூடாது. பெயின்ட் அடிக்க வந்தவர், "எல்லாரும் நல்ல கலரா கேப்பாங்க, நீங்க இன்னா மேடம்" என்று சிரித்தார். அந்த அறையில் ஒருவர் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி என்றால் கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை.

நாங்கள் செய்வது லாரிகளுக்கான பாகங்கள். அவற்றைப் புகைப்படம் எடுப்பதில்லை. டிசைன் பிரிவின் முப்பரிமாண வடிவத்தை வாங்கி, கம்ப்யூட்டருக்குள்ளேயே விளக்கு வைத்து, கேமரா வைத்து, புகைப்படத்தைவிடப் புகைப்படம் மாதிரி ஒரு படம் செய்து தருவேன். பிரேக் டிரம்மை நகைக்கடை விளம்பரத்தில் வருகிற வளையல் மாதிரி காட்டுவதற்கு மாதச் சம்பளம். கல்யாணமாகாத, முப்பத்தெட்டு வயதான, படப்பையில் வீட்டைவிடக் காலி மனைகள் அதிகமாக உள்ள ஒரு தெருவில் மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறவளுக்கு இது தோதான வேலை. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சில நாள் சாயங்காலம் பஸ்ஸில் டிரைவரிடம் "இங்க நிறுத்துங்க" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். அப்போதுதான் காலையிலிருந்து பேசவே இல்லை என்பது நினைவுக்கு வரும்.

தொழிலில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு படத்தைக் கணக்கிட்டு வரைந்து முடிக்க, அதாவது ரெண்டர் செய்ய, மணிக்கணக்கில் ஆகும். முடிந்த பிறகு மேலிடத்தில் ஒருவர் வந்து, "இடது பக்க வெளிச்சம் கொஞ்சம் கம்மியா, கொஞ்சம் மஞ்சளா இருந்தா நல்லா இருக்கும்" என்பார். மறுபடியும் முதலிலிருந்து ரெண்டர் செய்தால் ஆயுசு போதாது. அதனால் படத்தை ஒரே படமாக எடுப்பதில்லை. ஒவ்வொரு விளக்கும் தந்த வெளிச்சத்தைத் தனித்தனிப் படமாக எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இடது விளக்கு மட்டும் எரியும், இன்னொன்றில் வலது மட்டும். பளபளப்பு தனியாக, பொருளின் சொந்த நிறம் தனியாக என்றும் பிரித்து வைப்போம். இவற்றுக்குப் பாஸ் என்று பெயர். கம்பாசிட்டிங் மென்பொருளில் இவற்றையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் முழுப் படமும் அப்படியே வந்துவிடும். கூட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் குறைக்கலாம், கூட்டலாம், மஞ்சளாக்கலாம், அணைத்தே விடலாம். ஒரு நொடிதான். செய்ய முடியாதது, விளக்கை இடம் மாற்றுவது. நிழல் விழுந்த இடம் விழுந்ததுதான்.

இன்னொன்றும் முடியாது. தனியாக எடுத்து வைக்காததைத் தனியாகக் குறைக்க முடியாது. இது தெரிந்தும் நான் செய்த தவறைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் கட்டடத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு யார்டு. இரண்டு பக்கமும் ஷெட், நடுவில் அனுப்பத் தயாராக அடுக்கிய பெரிய நீல நிறப் பெட்டிகள், கிரேட்டுகள். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அதைக் கடப்பேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பென்னலூர்க்காரர், முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி, இரண்டு முறை ஹாரன் அடித்து, கையால் போகச் சொல்வார். நான் தலையை ஆட்டிவிட்டுக் கடப்பேன். மூன்று வருடத்தில் எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். ஆனாலும் லீவு நாட்களில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்த ஹாரன்தான் அது என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம், ஆறு பத்துக்கு அவர் வண்டி ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் காலில் ஏறிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கிரேட் அடுக்கின் மூலையில் நின்றிருக்கிறார். வண்டி அந்த மூலையில் திரும்பியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. அன்றைக்கு நான் தலைவலி என்று நாலு மணி பஸ்ஸிலேயே போய்விட்டேன். மறுநாள் காலையில் யார்டில் ரத்தத்தின் மேல் மரத்தூள் கொட்டியிருந்ததைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது.

விசாரணையில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. யார்டின் கம்ப விளக்கு அன்றைக்கு எரியவில்லை. ஒரு வாரமாகவே எரியவில்லை. மெயின்டனன்ஸுக்குப் புகார் போயிருந்தது. அப்படியானால் விளக்கு இல்லாததால்தான் ஓட்டுநருக்கு ஆள் தெரியவில்லையா, அல்லது விளக்கு இல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய ஆளை அவர் கவனிக்கவில்லையா? முதலாவது என்றால் தப்பு கம்பெனியுடையது. இரண்டாவது என்றால் அவர் வேலை போய்விடும். ஓட்டுநர், "ஆளே தெரியல சார்" என்று ஒரே வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் நல்ல மனிதர், எதையும் எழுதி வைக்கிறவர். அவர்தான் துடைப்ப அறையைத் திறந்து பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். அந்தச் சாயங்காலத்தை அப்படியே ஒரு படமாகச் செய்து தர முடியுமா, ஓட்டுநர் சீட்டிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்று காட்ட முடியுமா என்று கேட்டார். என்னை ஒருவர் தேடி வந்து, பிரேக் டிரம்மைத் தவிர வேறு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்காமல் முடியும் என்றேன்.

ஒழுங்காகத்தான் செய்தேன். யார்டின் அளவுகளை வரைபடத்திலிருந்து எடுத்தேன். கிரேட் மூலையில், அடிபட்டவரைப் போலவே கருநீலச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஓர் ஆளை நிறுத்தினேன். அதே நேரத்தில், அதே மாதிரி மேகம் போட்ட ஒரு சாயங்காலம், யார்டின் நடுவில் ஸ்டாண்டு வைத்து வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பல வெளிச்ச அளவுகளில் படமெடுத்தேன். அந்த வானத்தையே கம்ப்யூட்டருக்குள் கவிழ்த்து வைத்துவிட்டால் அதன் வெளிச்சம் அப்படியே கிடைக்கும். பாதுகாப்புத் தலைவர் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கிரேட் பக்கத்தில் தரையில் வைத்து அளவு சொன்னார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு நாலு விளக்குக் குழுக்களாகப் பிரித்தேன்: வானம், ஷெட் கதவு வழியாக வரும் வெளிச்சம், கம்ப விளக்கு, ஃபோர்க்லிஃப்டின் முகப்பு விளக்கு. எதை வேண்டுமானாலும் கூட்டத்திலேயே அணைத்துக் காட்டலாம்.

ரெண்டர் வந்ததும் பார்த்தேன். நன்றாக இருந்தது. நோட்டில் எழுதிய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கும் படத்தை ஏன் சோதிக்க வேண்டும் என்கிற திமிர், வேறென்ன.

கூட்டத்தில் ஆறேழு பேர். மெயின்டனன்ஸ் தலைவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எச்.ஆர். அதிகாரி முன் வரிசை. ஓட்டுநர் கதவுப் பக்கத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். நான் முதலில் நாலு குழுவையும் சேர்த்துக் காட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக அணைத்து, எந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று விளக்கினேன். முகப்பு விளக்கு திரும்பும் மூலையைத் தாண்டி எதிர்ச் சுவரில்தான் விழுகிறது, ஆள் மேல் விழவில்லை. எல்லாரும் சிறு பிள்ளைகள் மாதிரி ஆனார்கள். கம்ப விளக்கைப் பழைய மஞ்சள் விளக்காக்கிக் காட்டச் சொன்னார் ஒருவர். அந்தப் பாஸை மட்டும் மஞ்சளாக்கினேன், யார்டு மஞ்சளானது. எனக்குக் கைதட்டாத குறை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை.

கடைசியில் எச்.ஆர். கேட்டார், கம்ப விளக்கை அணையுங்கள் என்று. அணைத்தேன்.

யார்டு மங்கியது. ஆனால் கிரேட் அடுக்கின் மூலையில் அடிபட்டவர் நின்றுகொண்டிருந்தார். கருநீலச் சட்டையின் தோள், முழங்கை, ஹெல்மெட் எல்லாம் மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தன.

"லைட் இல்லாமலே தெரியுதே" என்றார் எச்.ஆர்.

மெயின்டனன்ஸ் தலைவர் நகம் கடிப்பதை நிறுத்தினார். நான் ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனக்குறைவை ஒத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அன்று செவ்வாய்.

சாயங்காலம் ஓட்டுநர் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு வந்தார். அவருடைய பஸ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிறது, என்னுடையது படப்பைப் பக்கம். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்று முதல் தடவையாகப் பேசினோம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மேடம், நான் பாக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணிக்கினு இருந்தேன்" என்றார். "படத்துல நல்லாத்தான் தெரியுறாரு. அப்போ நான்தான் எங்கியோ பராக்கு பாத்துக்கினு வந்திருக்கேன். வூட்டுலகூட நான் பாக்கலன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்போ இன்னான்னு சொல்றது?"

படம் ஒரு உதவிக்குத்தான், அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று ஏதோ உளறினேன். பஸ் கிளம்பப் போகிறது என்று அவரே என்னைப் போகச் சொன்னார், யார்டில் கையைக் காட்டுகிற மாதிரியே. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பக்கத்து சீட் வழக்கம்போலக் காலி. ஒரு மனிதர் தன் கண்ணை விட்டுவிட்டு என் படத்தை நம்புகிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

மறுநாள் காலையில் பாதுகாப்புத் தலைவர் ஒரு மெயில் அனுப்பியிருந்தார். அறிக்கையில் அச்சிட ஆள் நிற்கும் பகுதியை மட்டும் பெரிதாக வெட்டி அனுப்ப முடியுமா என்று. வெட்டிப் பெரிதாக்கினேன். தோள், முகம், ஹெல்மெட். ஹெல்மெட்டின் வளைவில், இடது பக்கம், விளிம்பு மழுங்கிய ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் மங்கலாகப் பளிச்சிட்டது.

அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தச் சதுரம் எனக்கு அவ்வளவு பழக்கம். என் பிரேக் டிரம்களில் எல்லாம் அது இருக்கும். கேமராவுக்கு இடது மேல்பக்கம் ஒரு பெரிய, மென்மையான பலகை விளக்கு. நிழலெல்லாம் ஒரேயடியாகக் கறுத்துப் போகாமல் லேசாகத் தூக்கிக் காட்டுவதற்காக நான் எல்லாப் படத்திலும் வைக்கிற ஃபில் லைட். அது பளபளப்பான பொருளில் வெள்ளைச் சதுரமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் புதிதாக வைக்கச் சோம்பல்பட்டு, நான் வேலை ஆரம்பிக்கும் கோப்பிலேயே அதை நிரந்தரமாக வைத்திருந்தேன்.

ஒரகடத்தின் வானத்தில் சதுரமான வெள்ளைப் பலகை எதுவும் தொங்கவில்லை.

வானக் குழுவின் பளபளப்பு பாஸை மட்டும் தனியாகத் திறந்தேன். சதுரம் இன்னும் தெளிவாக இருந்தது. என் வழக்கமான கோப்பைத் திறந்துதான் யார்டையும் கட்டியிருக்கிறேன். ஃபில் லைட் அதில் வாயைத் திறக்காமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பழைய வழக்கப்படி அதை வானத்தோடு ஒரே குழுவில் போட்டிருந்ததால், கூட்டத்தில் ஒவ்வொன்றாக அணைத்தபோதும் அது வானம் என்ற பெயரில் தப்பித்துக்கொண்டது. ஆள் தெரிந்தது வானத்தின் வெளிச்சத்தில் இல்லை. பிரேக் டிரம்முக்கு வைத்த விளக்கில்.

வானக் குழுவைக் குறைத்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே குறைந்தன. நிஜமான வானமும் இருண்டது. அப்படிக் கொடுத்தால் அதுவும் பொய், வேறு பக்கத்துப் பொய். குழம்பில் கரைந்த உப்பை எப்படி எடுப்பது?

யாருக்கும் தெரியாது என்கிற எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுத ஆசைதான். அந்த வளாகத்தில் பளபளப்பு பாஸைத் திறந்து பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான். என் ஒப்பந்தம் பங்குனியில் புதுப்பிக்க வேண்டியது. யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஏஜென்சி, வீட்டுக்காரர், ஷேர் ஆட்டோக்காரர், அண்ணன். அண்ணனுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பதே சரியாகத் தெரியாது. இந்தப் பாஸ் விவகாரம் புரிகிறவள் ஒருத்தி இருந்தாள், பழைய ஸ்டூடியோவில் பக்கத்து நாற்காலி. பேசி நாலு வருடம் ஆகிறது. நாலு வருடம் கழித்துக் கூப்பிட்டு, ஹெல்மெட்டில் சதுரம் தெரிகிறது என்று எப்படி ஆரம்பிப்பது. போனைக் கவிழ்த்து வைத்தேன். என்னை நினைத்து அழுகை வந்தது. ஓட்டுநரை நினைத்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வேலையைப் பார்த்தேன். வெளிச்சம் வெறும் கூட்டல் கணக்கு என்பதால் எல்லாவற்றையும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியதில்லை. கதவு, கம்பம், முகப்பு விளக்கு ஆகிய மூன்றும் அப்படியே நிற்கும். வானத்தைத் தனியாகவும், ஃபில் லைட்டைத் தனியாகவும் மட்டும் எடுத்தால் போதும். ஆரம்பித்துவிட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் போகவில்லை. மூன்று மணிக்கு முடிந்தது.

இந்தத் தடவை முதலில் சோதித்தேன். கிரேட் பக்கத்தில் தரையில் விழும் வெளிச்சத்தை நோட்டில் இருந்த மீட்டர் அளவோடு ஒப்பிட்டேன். வானம், கதவு இரண்டும் மட்டும் சேர்ந்தால் ஒத்துப்போனது. ஃபில் லைட்டைச் சேர்த்தால் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. நோட்டு என் மேஜையிலேயே இருந்தது, முதல் நாளிலிருந்து.

புதுப் பாஸ்களைக் கூட்டி, கம்ப விளக்கை அணைத்தேன். ஆளைக் காணவில்லை. ஹெல்மெட்டின் ஒரு விளிம்பில் ஷெட் கதவின் வெளிச்சம் நகக்கீறல் அளவு இருந்தது. அது ஆள் என்று தெரிந்து தேடினால் தெரியும். கம்ப விளக்கைப் போட்டேன், தெளிவாக நின்றார். அணைத்தேன், போய்விட்டார். எத்தனை தடவை போட்டுப் போட்டு அணைத்தேன் என்று தெரியாது.

வியாழக்கிழமை காலையில் பாதுகாப்புத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எச்.ஆர். அறைக்குக் கூட்டிப்போனார். எச்.ஆர். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்லுவீங்களா?" என்றார்.

"தப்பா இருந்தா சொல்லுவேன் சார்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது, நிற்கவில்லை. இந்தப் படம் ஓட்டுநருக்கு ஆள் தெரிந்திருக்காது என்று நிரூபிக்கிறது என்று நான் சொல்லவில்லை, திரை வேறு, கண் வேறு. முந்தின படம் தெரியும் என்று சொன்னதை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டுமானால் யார்டு இருநூறு அடி தூரத்தில் இருக்கிறது, கம்ப விளக்கு இன்னும் எரியவில்லை, சாயங்காலம் போய்ப் பார்க்கலாம். இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கும் பங்கு உண்டு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நான்தானே அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தேன்.

அன்று மேகமாக இருந்தது. ஆறு மணியிலிருந்து மீட்டரைத் தரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நோட்டில் இருந்த அளவுக்கு வெளிச்சம் இறங்கியதும் பாதுகாப்புத் தலைவர் ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முகப்பு விளக்கு எரிந்தது. ஆள் நிற்க வேண்டுமே என்றபோது, யாரும் முன்வராததால், எச்.ஆர். அதிகாரியே ஒரு கருநீலச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் வைத்துக்கொண்டு கிரேட் பக்கம் நடந்து போனார். நான் வண்டியின் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"சார், போய் நிக்கிறீங்களா?" என்று பாதுகாப்புத் தலைவர் குரல் கொடுத்தார்.

"நின்னு எவ்ளோ நேரமாச்சுய்யா" என்று மூலையிலிருந்து பதில் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எச்.ஆர். சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்து, பாதுகாப்புத் தலைவரை மூலைக்கு அனுப்பிவிட்டுத் தானும் ஒரு தடவை சீட்டில் ஏறிப் பார்த்தார். இறங்கினார். கடிதம் தேவையில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பங்குனியில் என் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதம் புதுப்பித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

மறுநாள் ஓட்டுநரை என் அறைக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். கடிதம் வேண்டாம் என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பக்கத்துக் கதவு திறந்து, துடைப்பம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு என் கதவு திறந்தது. நாற்காலி ஒன்றுதான் உண்டு, அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன்.

முதலில் அவர் கூட்டத்தில் பார்த்த பழைய படத்தைக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபில் லைட்டை மட்டும் விட்டேன். வானம் கறுப்பு, கதவு கறுப்பு, கம்பம் கறுப்பு. சுற்றிலும் எதுவுமில்லாத இருட்டில் அந்த மனிதர் மட்டும் மெல்லிய வெளிச்சத்தில் நின்றார், ஹெல்மெட்டில் வெள்ளைச் சதுரத்தோடு.

"இது நான் வெச்ச லைட் தம்பி. யார்டுல இப்படி ஒரு லைட்டே கிடையாது. எடுக்க மறந்துட்டேன்."

ஃபில் லைட்டை அணைத்து, வானத்தையும் கதவையும் முகப்பு விளக்கையும் போட்டேன். மூலை இருட்டானது. அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்பிடித்தான் மேடம் இருந்துச்சு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மன்னிச்சுக்கங்க என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எல்லாரும் சொல்வார்கள், சொல்லாமல் இருக்கத்தான் கஷ்டப்பட வேண்டும்.

"நாலு நாளா கண்ண மூடினா உங்க படம்தான் வருது" என்றார். "அவரு நிக்கிறாரு, நான் பாத்துக்கினே போயி ஏத்துறேன். நெசமா பாத்தது இன்னான்னு எனக்கே மறந்துபூடுச்சு. இப்போ இத்த பாக்குறேன், இதான் சரின்னு தெரியுது. ஆனா அது போவ மாட்டேங்குது மேடம்."

அதை எடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு படமும் அவருக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. தனியாக எடுத்து வைக்காதது அது. அவர் எழுந்து நாற்காலியை மேஜைக்குக் கீழே சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்குப் பிறகு அவராகவே கேட்டு, வளாகத்தின் மறுகோடியில் உள்ள யூனிட்டுக்கு, காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். சாயங்கால இருட்டில் ஓட்ட முடியவில்லை என்று சொன்னாராம். காலில் அடிபட்டவர் ஊருக்குப் போய்விட்டார். கம்பெனி செலவில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

கம்ப விளக்கைச் சரி செய்தார்கள். அது போதாது, மூலைக்கென்று தனியாக ஒரு விளக்கு வேண்டும் என்று பாதுகாப்புத் தலைவர் எழுதியிருந்தார். எங்கே வைத்தால் மூலை முழுக்க வெளிச்சம் விழும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கோப்பைத் திறந்து, ஃபில் லைட் இருந்த இடத்தின் உயரத்தையும் சுவரிலிருந்து தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஷெட் சுவரில் இரும்புக் கை நீட்டி, சதுரமாக, வெள்ளையாக ஒன்றை மாட்டினார்கள்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு அதன் கீழேதான் கடக்கிறேன். படத்தில் என்ன தெரிந்ததோ அது யார்டிலும் தெரிகிறது. மூலையில் யார் நின்றாலும் தோள் தெரிகிறது, முழங்கை தெரிகிறது, ஹெல்மெட்டில் சதுரம் தெரிகிறது. புதிதாக வந்திருக்கும் ஓட்டுநர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார். பார்த்துவிடுவதால் அவர் ஹாரன் அடிப்பதில்லை.